பேக்கரி திறப்புக்குச் செய்திக்குறிப்பு: உள்ளூர் நிருபர் கையில் எடுக்கும்படி எழுதுவது எப்படி?

ஒரு நாளிதழின் திருச்சிப் பதிப்பில் பதினோரு ஆண்டு உதவி ஆசிரியராக இருந்தேன். வாரத்துக்கு நாலைந்து கடைத் திறப்புச் செய்திக்குறிப்புகள் மேசைக்கு வரும். முகூர்த்த வாரம் என்றால் இன்னும் கூடும். பெரும்பாலானவற்றை முதல் பத்தியோடு ஓரம் வைத்துவிடுவோம். தமிழ் மோசம் என்பதால் அல்ல. "மாபெரும் திறப்பு விழா, அனைவரும் வருக" என்பதைத் தவிர அதில் எதுவும் இருக்காது. கடை திறப்பது கடைக்காரருக்குப் பெரிய நாள். பத்திரிகைக்கு அது விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டிய காகிதம்.

வேலையை விட்ட பிறகு, பொன்மலைப்பட்டியில் பேக்கரி தொடங்கவிருந்த ஒரு மாஸ்டர் என்னிடம் வந்தார். பதினான்கு வருடம் வேறு ஊர்க் கடைகளில் ஓவன் முன்னால் நின்றவர். இப்போது மனைவியோடு சேர்ந்து சொந்தமாகக் கடை போடுகிறார். "பேப்பர்ல வரணும் சார், ஒரு மேட்டர் எழுதிக் கொடுங்க" என்றார். அவருக்கு எழுதியதை வைத்தே இந்த வழிமுறையைச் சொல்கிறேன். அதில் நான் செய்த தவறும் சேர்த்தி.

முதல் வேலை: செய்தி எது என்று தேடுவது

மாஸ்டர் தாமே ஒரு தாள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "தரமான, சுவையான, சுகாதாரமான முறையில் தயாரிக்கப்பட்ட கேக், பப்ஸ், தேங்காய் பன், பிஸ்கட் வகைகள் மலிவான விலையில் கிடைக்கும்" என்று ஆரம்பித்தது. திருச்சியில் இருக்கும் எந்த பேக்கரியின் பெயரையும் அதில் போட்டுவிடலாம். எளிய சோதனை அதுதான். உங்கள் கடைப் பெயரை அடித்துவிட்டு அடுத்த தெருக் கடையின் பெயரை எழுதிப் பாருங்கள். வாக்கியம் அப்படியே நின்றால் அதில் செய்தி இல்லை.

எனவே தாளை ஓரம் வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். இந்தத் தெருவில் இதுவரை இல்லாத எது இந்தக் கடையில் இருக்கும்? இதற்கு முன்னால் இந்த இடம் என்னவாக இருந்தது? ஓவன் எத்தனை மணிக்குப் பற்றவைக்கப்படும்? யார் யார் வேலை செய்கிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள்? நிருபர் வந்தாலும் இதையேதான் கேட்பார்.

அரை மணி நேரம் போனது. "ரொட்டி எடுத்த பிறகு பகல்ல ஓவன் சும்மாதான் இருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்துல இந்தப் பக்கம் வீட்டுல கேக் மாவு கலக்கிட்டு பேக்கரிக்குத் தூக்கிட்டு வருவாங்கல்ல, முன்னாடி எல்லாம்? அதைச் சுட்டுக் கொடுக்கலாம்னு இருக்கேன்" என்று போகிற போக்கில் சொன்னார். தாளில் இது இல்லை. இதெல்லாம் செய்தியா என்று அவருக்கே சந்தேகம்.

அதுதான் செய்தி. பொன்மலை ரயில்வே பணிமனையைச் சுற்றி வளர்ந்த பகுதி. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த, இன்னும் வாழ்கிற இடம். வீட்டில் கலக்கிய மாவைத் தகர டின்னில் ஊற்றி பேக்கரி ஓவனுக்குக் கொண்டுபோன நினைவு அங்கே பல வீடுகளில் உண்டு. திறப்பு நவம்பர் கடைசியில். கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம்தான். இந்தத் தெரு, இந்த மாதம், இந்தக் கடை மூன்றும் ஒரே வரியில் சேருகின்றன. வேறு எந்தக் கடையின் பெயரையும் அந்த வரியில் போட முடியாது.

உங்கள் கடையில் இது வேறாக இருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காகக் காலை நாலரைக்கே கதவு திறக்கலாம். பூட்டிக் கிடந்த பழைய பேக்கரியின் ஓவனையே பழுது பார்த்து ஓட்டலாம். எதுவானாலும் ஒன்றுதான். இரண்டு இருந்தால் வலுவானதை மேலே வைத்து, மற்றதைக் கடைசிப் பத்தியில் ஒரு வரியாக விடுங்கள்.

செய்தி போலத் தோன்றும், ஆனால் அல்லாதவை

மாஸ்டரின் தாளில் "பொட்டாசியம் புரோமேட் சேர்க்காத ரொட்டி" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை 2016-லேயே இந்தியாவில் தடை செய்தாகிவிட்டது. எந்த ரொட்டியிலும் இருக்கக் கூடாது. சட்டப்படி செய்யக் கூடாததைச் செய்யவில்லை என்று பெருமையாகச் சொன்னால், விவரம் தெரிந்த நிருபர் சிரிப்பார். தெரியாதவர் அப்படியே போட்டால் பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவார். "பிளாஸ்டிக் கவர் கிடையாது" என்பதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை.

அடுத்தது உடல்நலப் பேச்சு. "சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்", "நூறு சதவீதம் இயற்கை" என்பதெல்லாம் குறிப்பில் வேண்டாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் கொண்டுவந்த விளம்பர விதிகள் "இயற்கை", "ஃப்ரெஷ்", "பாரம்பரிய" போன்ற சொற்களுக்கே நிபந்தனை வைத்திருக்கின்றன. அதைவிட, நிருபர் ஒரு கேள்வி கேட்டால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். கோதுமை ரொட்டி என்று எழுதியிருந்தால், "மைதா எவ்வளவு கலக்கறீங்க?" என்று கேட்பார். பதில் இருந்தால் எழுதுங்கள். பாதிக்குப் பாதி என்றால் பாதிக்குப் பாதி என்றே எழுதுங்கள், அதில் குறைவில்லை.

திறப்பு நாள் தள்ளுபடியும் செய்தி இல்லை. அது பிட் நோட்டீசுக்கும் கடை வாசல் பேனருக்கும் போக வேண்டியது. குறிப்பில் "20 சதவீதம் தள்ளுபடி" என்ற வரியைப் பார்த்தாலே, செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் இருப்பவர் தாளை விளம்பரப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்.

எழுதும் முறை

செய்திக்குறிப்பை நீங்கள் எழுதினாலும் அது நிருபர் எழுதியதுபோல இருக்க வேண்டும். "எங்கள் கடை", "நாங்கள்" என்ற சொற்கள் மேற்கோளுக்கு வெளியே எங்கும் வரக் கூடாது. டெஸ்க்கில் இருப்பவருக்கு உங்கள் செய்திக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம்கூட இல்லை. "எங்கள்" என்பதையெல்லாம் "அவர்கள்" என்று மாற்றிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் ஏது?

நீளம் நூற்றைம்பது சொல்லுக்குள் நிற்கட்டும். உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு நெடுவரிசை அகலத்தில் வரும் ஒற்றைக் காலம் செய்திக்கு அதுவே தாராளம். இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள், படித்துப் பார்த்து நடுவில் எடுக்க மாட்டார்கள். எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். பிறகு அதற்கு மேல் பத்தியையும் மறையுங்கள். முதல் பத்தி மட்டும் மிஞ்சும்போதும் எங்கே, என்ன, எப்போது என்பது தெரிய வேண்டும். நிறையப் பேர் முகவரியைக் கடைசியில் வைத்து அதைப் பறிகொடுக்கிறார்கள்.

தேதியில் கவனம். "நாளை", "வரும் வெள்ளி" என்று எழுதவே வேண்டாம். நீங்கள் புதன் அனுப்பியது வெள்ளி பிரசுரமானால் "நாளை" பொய்யாகிவிடும். தேதியும் கிழமையும் சேர்த்து எழுதி, நாட்காட்டியில் ஒருமுறை சரிபாருங்கள். தேதி ஒன்றும் கிழமை ஒன்றுமாக இருந்தால், எது சரி என்று போன் போட்டுக் கேட்க டெஸ்க்குக்கு நேரம் இருக்காது.

மேற்கோள் ஒன்றே போதும். "வாடிக்கையாளர்களின் நலனே எங்கள் குறிக்கோள்" என்பதை யாரும் பேசுவதில்லை, எழுத மட்டும் செய்கிறார்கள். உரிமையாளரைப் பேசவிட்டு, தொழில் தெரிந்தவர் மட்டும் சொல்லக்கூடிய ஒரு வரியைப் பிடியுங்கள். ஏன் பகலில் மட்டும் கேக் மாவை வாங்கிக்கொள்கிறீர்கள் என்று மாஸ்டரைக் கேட்டேன். "ரொட்டிக்கு 220 டிகிரி வேணும். அதுல கேக்கை வெச்சா மேல கருகிடும், உள்ள மாவா இருக்கும். கேக்குக்கு 160 போதும், ஆனா பொறுமையா ஒன்றரை மணி நேரம் நிக்கணும்" என்றார். எழுத்து நடைக்கு மாற்றியதும் அதுவே மேற்கோள்.

வந்து சிறப்பித்தவர்களின் பட்டியல் இன்னொரு பொறி. கவுன்சிலர், சங்கத் தலைவர், மாமா, மச்சான் என்று பன்னிரண்டு பெயர் போட்டால் எல்லாரும் மகிழ்வார்கள், செய்தி மட்டும் வராது. ரிப்பன் வெட்டியவர் பெயர் ஒன்று போதும். மற்றவர்கள் வருத்தப்படுவார்கள் என்றால் திறப்பு விழா ஃபோட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், அதற்கு அங்கே மதிப்பும் அதிகம்.

மாஸ்டர் கடைக்குப் போன குறிப்பு

பெயர்களும் எண்களும் இருந்த இடத்தை அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன். மற்றபடி இதுதான் இறுதி வடிவம்.

> வீட்டில் கலக்கும் கேக் மாவைச் சுட்டுத் தரும் பேக்கரி: பொன்மலைப்பட்டியில் நவ.21 திறப்பு
>
> திருச்சி: கிறிஸ்துமஸுக்கு வீட்டில் கலக்கும் கேக் மாவைக் கொண்டுவந்தால் சுட்டுத் தரும் பேக்கரி, திருச்சி பொன்மலைப்பட்டி (தெருப் பெயர்), (அடையாளம்) எதிரில் நவம்பர் 21 வெள்ளிக்கிழமை திறக்கப்படுகிறது.
>
> (கடைப் பெயர்) என்ற இந்தக் கடையை, 14 ஆண்டுகள் பேக்கரி மாஸ்டராகப் பணியாற்றிய (பெயர்), தன் மனைவி (பெயர்) உடன் இணைந்து தொடங்குகிறார். டிசம்பர் 1 முதல் 24 வரை, காலை 11 முதல் பிற்பகல் 3 மணி வரை கேக் சுட்டுத் தரப்படும். ஒரு கிலோ டின்னுக்குக் கட்டணம் ரூ.60. நாளொன்றுக்கு 12 டின்கள் மட்டுமே ஏற்கப்படும் என்பதால் முந்தைய நாளே பதிவு செய்ய வேண்டும்.
>
> "ரொட்டிக்கு 220 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கேக்கை வைத்தால் மேலே கருகி, உள்ளே மாவாகவே இருக்கும். காலை ரொட்டி முடிந்து ஓவனை 160-க்கு இறக்கிய பிறகுதான் கேக்குக்கு இடம்" என்கிறார் (பெயர்).
>
> முன்பு வீட்டு மாவை பேக்கரிகளில் கொடுத்துச் சுட்டு வாங்கும் வழக்கம் இப்பகுதியில் இருந்தது. ரொட்டி, தேங்காய் பன், பப்ஸ் தினமும் காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் தயாராகும். பதிவுக்கு: (செல்போன் எண்).
>
> — குறிப்பு முடிவு —
>
> நிருபர்களுக்கு: பேட்டிக்கும் படங்களுக்கும் (பெயர்), (எண்). சோதனை ஓட்டம் நவம்பர் 19 புதன், காலை 11 மணி. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்: (14 இலக்கம்).

"குறிப்பு முடிவு" என்ற கோடு முக்கியம். அதற்குக் கீழே இருப்பது பிரசுரத்துக்கு அல்ல என்று சொல்ல வேறு வழி இல்லை. கோடு போடாமல் விட்டு, உரிமையாளரின் சொந்த எண் பேப்பரில் வந்துவிட்ட கதையை நானே பார்த்திருக்கிறேன்.

இனி என் தவறு. நான் முதலில் எழுதியதில் "நாளொன்றுக்கு 12 டின்கள் மட்டுமே" என்ற வரி இல்லை. அழகான செய்தியைக் கட்டுப்பாடு போட்டுக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். ஓர் உள்ளூர் வார இதழுக்கு அந்த வடிவமே முதலில் போய், அப்படியே வெளிவந்தும்விட்டது. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை முப்பதுக்கு மேல் டின்கள் வாசலில். ஓவனின் அடுக்குகளில் ஒரே நேரத்தில் ஆறுதான் வைக்க முடியும். ஒன்றரை மணி நேரம் வேகவிட்டால் நாலு மணி நேரத்தில் இரண்டு சுற்றுதான். மாவைக் கலக்கிவிட்டு மறுநாள் வரை வைத்திருக்கவும் முடியாது. மாஸ்டர் அன்று மாலை ரொட்டியை நிறுத்திவிட்டு இரவு வரை கேக் சுட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் அதிகம் உறுத்தியது. நாளிதழ்களில் அதற்கு முன்பே திருத்திய வடிவம் போயிருந்தாலும், ஆட்கள் வந்தது என்னவோ பழையதைப் படித்துவிட்டுத்தான். கட்டணம், நேரம், அளவு மூன்றில் எதை விட்டாலும் இப்படி ஏதாவது நடக்கும்.

யாருக்கு, எப்போது, எப்படி அனுப்புவது

திருச்சி போன்ற ஊரில் பெரிய தமிழ் நாளிதழ்கள் பலவற்றுக்குத் தனிப் பதிப்பே உண்டு. உங்கள் பகுதியைப் பார்க்கும் நிருபர் யார் என்பதை அலுவலகத்துக்கு போன் செய்து கேட்டால் சொல்வார்கள். சென்னையில் இருப்பவர்கள் மயிலாப்பூர் டைம்ஸ் போன்ற பகுதி வார இதழ்களை முதலில் பாருங்கள். பெரிய பத்திரிகையில் மூன்று வரி வருவதைவிட, வீட்டு வாசலில் இலவசமாக விழும் இதழில் அரைப் பக்கம் வந்தால் ஒரு பேக்கரிக்குப் பயன் அதிகம். உங்கள் வாடிக்கையாளர் இரண்டு கிலோமீட்டருக்குள்தானே இருக்கிறார்.

வார இதழுக்கு ஒரு வாரம் முன்னால் அனுப்புங்கள். நாளிதழுக்கு மூன்று நாள் போதும். திறப்பு அன்று பிற்பகல் மூன்று மணிக்குள், "திறக்கப்படுகிறது" என்பதைத் "திறக்கப்பட்டது" என்று மாற்றி, அன்றைய படத்தோடு இன்னொரு முறை அனுப்பலாம். முன்னால் வந்ததைப் போடாதவர்கள் சில சமயம் இதைப் போடுவார்கள்.

முகூர்த்த நாள் விஷயத்தில் ஒன்று. நல்ல நேரம் அதிகாலை நாலரை மணி என்றால் அந்த நேரத்துக்கு நிருபரை அழைக்காதீர்கள். வர மாட்டார். காலை பத்து மணி முகூர்த்தமானாலும் அன்று அவருக்குக் கட்சிக்காரர் வீட்டுத் திருமணம் முதல் கும்பாபிஷேகம் வரை வரிசையாக இருக்கும். பூஜையை உங்கள் நேரத்தில் செய்துகொள்ளுங்கள். நிருபரை இரண்டு நாள் முன்னால், ஓவன் சோதனை ஓட்டத்துக்கு அழையுங்கள். கூட்டமில்லாமல் பேச முடியும், சூடாக ஒரு பன்னும் கிடைக்கும். மாஸ்டர் கடைக்கு அழைத்த நால்வரில் இருவர் வந்தது அப்படித்தான்.

அனுப்பும் விதத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். குறிப்பை பி.டி.எஃப்-ஆகவோ, அழகாக வடிவமைத்த படமாகவோ மட்டும் அனுப்பினால் நிருபரால் நகல் எடுத்து ஒட்ட முடியாது. பி.டி.எஃப்-இலிருந்து தமிழை நகலெடுத்தால் பல நேரம் கொம்பும் காலும் பிரிந்து, எழுத்தெல்லாம் சிதறிப் போகும். பழைய டி.டி.பி. எழுத்துருவில் அடித்துக் கொடுத்தாலும் இதே கதி. யூனிகோடில் தட்டச்சு செய்து, வாட்ஸ்அப் செய்தியாகவும் மின்னஞ்சலின் உடலிலும் அப்படியே ஒட்டுங்கள். நகலெடுக்க முடிகிறதா என்று முதலில் நண்பர் ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள்.

படம் மூன்று போதும். மாஸ்டர் ஓவனிலிருந்து தட்டை இழுப்பது, பெயர்ப் பலகை தெரியும் கடை முகப்பு, அப்புறம் செய்தியைச் சொல்லும் ஒன்று. எங்கள் விஷயத்தில் ஒரு பாட்டி மூடி போட்ட டின்னை நீட்டுவது. (அவரிடம் பேப்பரில் வரும் என்று சொல்லி, சம்மதம் வாங்கித்தான் எடுத்தோம்.) பொன்னாடை வரிசைப் படம் வேண்டாம். கண்ணாடி ஷெல்ஃப் முன்னால் ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைப் புள்ளிதான் விழும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி அச்சில் மங்கும், டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

அனுப்பிய மறுநாள் ஒரே ஒரு போன். பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் பேசுவது நல்லது. மாலை ஐந்துக்கு மேல் பக்கம் அமைக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கும். "சார், குறிப்பு கிடைச்சுதா? வேற விவரம் ஏதாவது வேணுமா?" என்று கேளுங்கள். "எப்ப போடுவீங்க?" என்று கேட்காதீர்கள்.

அவர் திருப்பிக் கேட்கும்போது

கேள்வி வந்தால் நல்ல அறிகுறி. எங்களிடம் ஒரு நிருபர், "வீட்டு மாவைச் சாப்பிட்டு யாருக்காவது வயிறு கெட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்டார். மாஸ்டர் தயாராக இருந்தார். அன்று கலக்கிய மாவை மட்டும் வாங்குவோம், டின்னில் பெயர் ஒட்டுவோம், ஒருவர் மாவை இன்னொருவர் டின்னுக்கு மாற்ற மாட்டோம் என்றார். அந்தப் பதிலும் செய்தியில் வந்தது. இந்த மாதிரி சங்கடமான கேள்வி ஒன்றை உங்கள் கடைக்கும் நீங்களே கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

"விளம்பரம் ஒண்ணு கொடுங்க, செய்தி போட்டுடலாம்" என்று யாராவது சொல்லலாம். விளம்பரம் கொடுக்க வசதியிருந்தால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அது விளம்பரம் என்று தெரியும்படியே வரட்டும். செய்தி வேறு, விளம்பரம் வேறு என்று வாசகருக்குத் தெரிய வேண்டும் என்பது பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை. நிருபருக்குப் பணம் வைத்த கவர் கொடுக்கும் பழக்கத்துக்குள் போகாதீர்கள். ஒரு முறை கொடுத்தால், கடையில் ஈ மொய்த்த கதை எழுதாமலிருக்கவும் கேட்பார்கள். பன்னும் டீயும் போதும்.

வெளிவந்த செய்தியில் தெருப் பெயர் தப்பாக இருந்தால் அன்றே, எழுதியவருக்கே சொல்லுங்கள். இணையப் பதிப்பில் மாற்ற முடியும். விலை நாலைந்து ரூபாய் வித்தியாசமாக வந்திருந்தால் விட்டுவிட்டு, ஒரு வாரம் பேப்பரில் வந்த விலைக்கே கொடுப்பது நல்லது. மாஸ்டர் கடையில் ஒரு பத்திரிகை ரூ.60-ஐ ரூ.50 என்று போட்டது. அந்தப் பேப்பரைக் கையில் கொண்டுவந்த ஏழெட்டுப் பேருக்கு ஐம்பதுக்கே சுட்டுக் கொடுத்தார்.

நிருபர்களின் எண்களைப் பத்திரமாக வைத்திருங்கள். டிசம்பர் 23 அன்று, பெயர் ஒட்டிய டின்கள் வரிசையாக ஓவனுக்குக் காத்திருக்கும் படத்தை மாஸ்டர் இரண்டே வரியோடு அனுப்பினார். நவம்பரில் எட்டிக்கூடப் பார்க்காத பத்திரிகை ஒன்று அதை மூன்று காலம் அகலத்தில் போட்டது.